ஃப்ரீ த்ரோ தட்டையாகப் போகிறது: கையில் பலம் போதவில்லையா?

பணகுடி 11 · 2024 ஜூன் 23, இரவு 9.40

பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. உயரம் 171 செ.மீ., டீமில் கார்டு. ஓடி வந்து போடும் லே அப் பரவாயில்லை. ஃப்ரீ த்ரோ லைனில் நின்றால்தான் மானம் போகிறது. பத்துக்கு ஐந்து, நல்ல நாளில் ஆறு. பந்து மேலே எழும்பாமல் நேராகப் போய் ரிங்கின் பின்கம்பியில் டங்கென்று அடித்து என் கைக்கே திரும்பி வருகிறது. ஹாஸ்டலில் எனக்குக் 'கேரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

உயர்த்திப் போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். உயர்த்தினால் ரிங் வரை எட்டவில்லை. அதனால் என் கணக்கு இது: வளைவு வேண்டுமென்றால் கையில் பலம் வேண்டும். ஒரு மாதமாகத் தினம் 60 தண்டால் எடுக்கிறேன். நெஞ்சு வலிக்கிறது, பந்து அதே மட்டத்தில்தான் போகிறது. நூறாக்கவா, இல்லை டம்பிள்ஸ் பக்கம் போகவா?

கொக்கிரகுளம் · ஜூன் 23, இரவு 10.15

தண்டாலை விடாதே, உடம்புக்கு நல்லது. ஃப்ரீ த்ரோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒன்று மட்டும் சொல். உள்ளே விழுகிற அந்த ஐந்தில், கம்பியைத் தொடாமல் விழுவது எத்தனை?

பணகுடி 11 · ஜூன் 23, இரவு 10.22

எண்ணியதில்லை அண்ணாச்சி. எங்கள் ரிங்கில் நெட்டும் கிடையாது. நாளை பார்த்துச் சொல்கிறேன்.

சங்கரன்கோவில் சைக்கிள் · ஜூன் 24, காலை 6.05

எனக்கும் இதே பிரச்சினைதான். தட்டைப் பாதம் இருந்தால் நிற்கும்போதே பேலன்ஸ் போய்விடும். ஷூவுக்குள் வளைவு வைத்த ரப்பர் அட்டை போட்டுப் பாருங்கள். எனக்கு முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது.

கொக்கிரகுளம் · ஜூன் 24, காலை 6.40

சைக்கிள், தட்டை என்பது அவன் பந்து. பாதம் இல்லை.

சங்கரன்கோவில் சைக்கிள் · ஜூன் 24, காலை 6.44

சரி சரி. 'வளைவு' என்று பார்த்ததும் எழுதிவிட்டேன். ஆனாலும் அட்டை நல்லதுதான்.

பணகுடி 11 · ஜூன் 24, இரவு 8.30

40 போட்டேன். 19 விழுந்தது. கம்பியைத் தொடாமல் விழுந்தது 2. அதிலும் ஒன்று சந்தேகம்.

கொக்கிரகுளம் · ஜூன் 25, இரவு 9.50

அப்போ அந்த 17-ம் நீ போட்டதில்லை, ரிங் போட்ட பிச்சை. பழைய ரிங் கொஞ்சம் தொய்ந்திருக்கும், அடித்த பந்தை அமுக்கி உள்ளே தள்ளிவிடும். மேட்ச் நடக்கும் இடத்தில் ரிங் விறைப்பாக இருந்தால் அதே பந்து அல்வா கொடுத்துவிட்டு வெளியே போகும்.

காரணம் இதுதான். தண்ணீர்க் குடத்தின் வாயை மேலிருந்து எட்டிப் பார்த்தால் முழு வட்டம் தெரியும். அதே குடத்தை ஒருத்தி இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தால் வாய் ஒரு கீற்றாகத்தான் தெரியும். பந்துக்கும் ரிங் அப்படித்தான் தெரிகிறது. ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ., பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. பந்து 45 டிகிரி சரிவில் இறங்கினால் அதற்கு முன்னால் 32 செ.மீ. அகல வாசல் இருக்கிறது. 30 டிகிரியில் இறங்கினால் வாசல் இருபத்திரண்டரைதான். 24 செ.மீ. பந்து இருபத்திரண்டரை வாசலில் எப்படி நுழையும்? எங்காவது இடித்துத்தான் ஆகவேண்டும். நீ எவ்வளவு குறி பார்த்துப் போட்டாலும் சரி, முப்பத்திரண்டு டிகிரிக்குக் கீழே சுத்தமாக விழ வழியே இல்லை.

நானும் இப்படித்தான் இருந்தேன். எங்கள் ஊர் ரிங்குக்கு முன்னால் ஒரு வேப்பங்கிளை நீட்டிக்கொண்டிருந்தது. உயர்த்திப் போட்டால் இலையில் பட்டு விழும். கிளைக்குக் கீழே போட்டுப் பழகிப் பழகி, கிளையே இல்லாத கோர்ட்டுக்கு வந்த பிறகும் கிளைக்குக் கீழேதான் போட்டுக்கொண்டிருந்தேன். அது போக இரண்டு வருடம் ஆனது.

அம்பை பிசிக்ஸ் · ஜூன் 26, மாலை 5.10

பதினொன்றாம் வகுப்புப் பாடம்தானே இது. 45 டிகிரியில் எறிந்தால் குறைந்த விசையில் அதிக தூரம். தம்பி 45-இல் எறிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேலே உயர்த்தினால் பலம் வீணாகும். ஆகவே தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, உயர்த்தப் பலம் வேண்டும்.

கொக்கிரகுளம் · ஜூன் 26, இரவு 9.20

சார், நான் சொன்ன 45 ரிங்குக்குள் இறங்கும்போது. நீங்கள் சொல்வது கையை விட்டுப் புறப்படும்போது. இரண்டும் ஒன்றில்லை. உங்கள் பாடத்துக் கல் எறிந்த மட்டத்திலேயே தரையில் விழுகிறது. இங்கே ரிங் கையைவிட மூன்றடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஏறிய அளவுக்கு இறங்குவதற்குள் ரிங் வந்துவிடும். எனக்குக் கணக்கு வராது, நீங்களே போட்டுப் பாருங்கள்.

அம்பை பிசிக்ஸ் · ஜூன் 27, இரவு 11.35

போட்டுப் பார்த்தேன். என் வாயை நானே அடைத்துக்கொண்டேன்.

ரிங் 3.05 மீ. உயரம். தம்பியின் உயரத்துக்குப் பந்து கையை விடும் இடம் 2.1 மீ. என்று வைத்தேன். அங்கிருந்து ரிங்கின் நடுவுக்குக் கிடைமட்டமாக 4.1 மீ. காற்றின் இழுவையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

45 டிகிரியில் புறப்பட்டால் ரிங்குக்குள் இறங்குவது 28 டிகிரியில். அதாவது நான் சொன்னபடி எறிந்தால் ஒரு பந்துகூடக் கம்பியில் படாமல் விழாது. 52-இல் புறப்பட்டால் 39. 55-இல் புறப்பட்டால் 44.

அப்புறம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது வேகக் கணக்கு. 45-க்குத் தேவையான வேகம் விநாடிக்கு 7.24 மீ. 52-க்கு 7.11. 55-க்கு 7.15. உயர்த்தினால் பலம் கூடத் தேவை என்பது பொய். தம்பி இப்போது செலவழிப்பதைவிட ஒரு துளி குறைவாகவே போதும். 60-ஐத் தாண்டினால்தான் உண்மையிலேயே கூடுகிறது, அதுவும் 7.3 அளவுதான்.

இன்னொன்று. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிரான், சில்வர்பெர்க் என்ற இருவர் கணினியில் ஏராளமான ஃப்ரீ த்ரோக்களை ஓட்டிப் பார்த்து 2008-இல் வெளியிட்ட ஆய்விலும் புறப்படும் கோணம் 52 என்றுதான் வருகிறது. பந்து விநாடிக்கு மூன்று முறை பின்னோக்கிச் சுழல வேண்டும், ரிங்கின் நடுவைவிட 7 செ.மீ. பின்னால் குறி வைக்க வேண்டும் என்கிறார்கள்.

பணகுடி 11 · ஜூன் 28, காலை 7.00

சார், அப்படியென்றால் உயர்த்தும்போது ஏன் எட்டவில்லை? தினமும் கண்ணால் பார்க்கிறேனே.

கொக்கிரகுளம் · ஜூன் 28, மதியம் 1.15

அதுதான் சரியான கேள்வி. வீடியோ இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

போனை எங்கே வைக்க வேண்டும் என்று கேள். பின்னாலிருந்து எடுத்தால் ஒன்றும் தெரியாது. கோர்ட்டுக்குப் பக்கவாட்டில், உனக்கும் ரிங்குக்கும் நடுப்புள்ளிக்கு நேரே, நன்றாகத் தள்ளி ஒரு கல்லில் வை. நீயும் போர்டும் இரண்டும் படத்தில் வரவேண்டும். பந்து உச்சிக்குப் போகும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து படுக்கையாக ஒரு கோடு போர்டு வரை இழு. ஸ்கேலை ஸ்கிரீன்மேல் வைத்தால் போதும்.

போர்டின் மேல் விளிம்பு 3.95 மீ. நல்ல ஃப்ரீ த்ரோவில் பந்தின் தலை அந்த விளிம்பு மட்டத்துக்கு வரும். தட்டையாகப் போடுகிறவனின் பந்து, போர்டில் வரைந்திருக்கும் சின்னச் சதுரத்தின் மேல்கோட்டுப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும். கோணமானி வேண்டாம், இது போதும்.

பணகுடி 11 · ஜூன் 30, இரவு 8.10

எடுத்தேன். 10 பந்து. எல்லாவற்றிலும் பந்தின் நடு, சதுரத்தின் மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுகிறது. ஒன்றுகூட போர்டு விளிம்புப் பக்கம் போகவில்லை. வீடியோவை அனுப்பியிருக்கிறேன்.

அம்பை பிசிக்ஸ் · ஜூன் 30, இரவு 9.00

45-இல் புறப்பட்டால் பந்தின் நடு 3.43 மீ. வரை ஏறும். சதுரத்தின் மேல்கோடு மூன்றரை மீட்டர் பக்கம். பொருந்துகிறது. தம்பி சரியாக என் பதினொன்றாம் வகுப்புப் பாடப்படி எறிகிறார்.

கொக்கிரகுளம் · ஜூலை 1, இரவு 10.30

வீடியோவைப் பத்து முறை பார்த்தேன். பார்ப்பதற்கு முன் உன் காலில்தான் குறை, முழங்கால் மடங்கவே இல்லை என்று எழுதி வைத்திருந்தேன். அழித்துவிட்டேன். உன் முழங்கால் நன்றாகவே மடங்குகிறது. ஆனால் தப்பான நேரத்தில்.

நீ செய்வது இது: பந்தைத் தட்டுகிறாய், நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாய், முழங்காலை மடக்குகிறாய், நிமிர்கிறாய். நிமிர்ந்து முடித்த பிறகு ரிங்கைப் பார்த்து ஒரு மூச்சு நிற்கிறாய். அதற்கப்புறம் கை மட்டும் கிளம்புகிறது. காலில் எழுந்த சக்தி அதற்குள் தரைக்கே போய்விட்டது. மிச்சம் இருப்பது தோளும் மார்பும். நெஞ்சிலிருந்து தோளால் தள்ளினால் பந்து முன்னால்தான் போகும், மேலே போகாது. நீ தண்டால் எடுத்து வளர்த்ததும் அதே தள்ளும் தசையைத்தான்.

உயர்த்தும்போது எட்டாததற்கும் காரணம் இதே. காலின் உதவி இல்லாத கையைக் கொண்டு மேலே போடப் பார்க்கிறாய். தேவையான வேகம் அதேதான் என்று சார் கணக்கு போட்டுவிட்டார். வேகம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கோளாறு. கிணற்றில் வாளி இழுக்கிறவர் இடுப்பும் கையும் சேர்ந்துதான் இழுப்பார். இடுப்பை நிமிர்த்தி முடித்துவிட்டு அப்புறம் கையால் இழுத்தால் பாதியில் நின்றுவிடும்.

ஆகவே முதல் வேலை: முழங்கால் எழத் தொடங்கும்போதே பந்தும் எழ வேண்டும். நடுவில் எங்கேயும் நிற்கக் கூடாது.

இரண்டாவது, முடிவில் உன் முழங்கை எங்கே இருக்கிறது என்று வீடியோவில் பார். மூக்குக்கு நேரே நிற்கிறது. அது புருவத்துக்கு மேலே போய் முடிய வேண்டும். கை ரிங்கை நோக்கி நீளாமல் டெலிபோன் பூத்துக்குள் நின்று கூரையைத் தொடுவதுபோல மேலே போகட்டும். பூத் என்றால் என்னவென்று உன் வயசுக்குத் தெரியாது, வீட்டில் கேட்டுக்கொள்.

இந்த இரண்டைத் தவிர வேறெதையும் இந்த மாதம் தொடாதே. இடதுகைக் கட்டைவிரல் பந்தைக் கொஞ்சம் தள்ளுகிறது, பந்து சாய்வாகச் சுழல்கிறது. அது கிடக்கட்டும்.

கொக்கிரகுளம் · ஜூலை 1, இரவு 10.48

விட்டுப்போனது: லைனில் நின்று ஆரம்பிக்காதே. ரிங்குக்கு முன்னால் இரண்டு எட்டில், வலது கையால் மட்டும் 25. கம்பியைத் தொடாமல் விழுவதை மட்டும் எண்ணு. அப்புறம் பாதி தூரம். லைனுக்கு வருவது ஒரு வாரம் கழித்து.

பணகுடி 11 · ஜூலை 9, இரவு 9.15

லைனுக்கு வந்தேன். முதல் மூன்று நாள் எல்லாம் முன்கம்பிக்கும் முன்னால். 20-இல் 4. ஹாஸ்டலில் பெயரை 'கேரம்' என்பதிலிருந்து 'ஏர் பால்' என்று மாற்றிவிட்டார்கள். இன்று 20-இல் 9. ஆனால் 9-இல் 5 சுத்தமாக விழுந்தது!

ஒரு கேள்வி, வெட்கமில்லாமல் கேட்கிறேன். ஊருக்கு லீவில் போனால் இந்த வளைவு வேலை செய்யவில்லை. பணகுடியில் இப்போது காற்று எப்படி என்று தெரியும்தானே, ஊரைச் சுற்றிக் காற்றாலையாக நட்டு வைத்திருப்பது சும்மாவா. உயர்த்திய பந்து வலப்பக்கம் ஒரு முழம் நகர்ந்துவிடுகிறது. அங்கே சின்ன வயசிலிருந்து எல்லோரும் தட்டையாகத்தான் போடுவோம். அண்ணாச்சிக்கு வேப்பங்கிளை என்றால் எங்களுக்குக் காற்று.

கொக்கிரகுளம் · ஜூலை 9, இரவு 10.00

காற்று எல்லோருக்கும் பொது. சாக்கு.

அம்பை பிசிக்ஸ் · ஜூலை 10, மாலை 6.20

சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 45-இல் புறப்படும் பந்து 0.8 விநாடியில் ரிங்குக்குப் போகிறது. 55-இல் புறப்படுவது ஒரு முழு விநாடி வானத்தில் இருக்கிறது. பக்கக் காற்று தள்ளும் தூரம் நேரத்தின் இருமடியைப் பொறுத்தது. அதாவது உயர்ந்த பந்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நகர்த்தும். பணகுடிப் பையன்கள் கண்டுபிடித்தது தப்பில்லை.

கொக்கிரகுளம் · ஜூலை 10, இரவு 9.40

சரி, சாக்கு இல்லை. வாபஸ். ஆனால் மேட்ச் பணகுடி ஆடிக்காற்றிலா நடக்கப்போகிறது? அங்கே ஆடும்போது என்ன செய்வது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. காற்றடிக்கும் கோர்ட்டில் வளைவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதா, குறியைத் தள்ளி வைப்பதா? நான் குறியைத் தள்ளுவேன். ஒரே ஷாட்டை இரண்டு விதமாகப் பழகினால் இரண்டும் கெடும் என்பது என் பயம்.

தென்காசி நீலம் · ஜூலை 12, இரவு 8.05

நான் 157 செ.மீ., ஆறாம் நம்பர் பந்து. அண்ணாச்சி சொன்ன போர்டு விளிம்பு அளவு எனக்கும் பொருந்துமா? எங்கள் அக்கா ஒருத்தி 'நீ குட்டை, உனக்கு அவ்வளவு உயரம் வராது, சதுரத்துக்கு மேலே ஒரு சாண் போனால் போதும்' என்கிறாள்.

கொக்கிரகுளம் · ஜூலை 12, இரவு 9.10

அக்கா சொல்வது சரிதான் தாயி. கையை விடும் இடம் தாழ்வாக இருந்தால் உச்சியும் தாழத்தான் செய்யும்.

அம்பை பிசிக்ஸ் · ஜூலை 13, காலை 10.30

இல்லை அண்ணாச்சி. இந்த முறை என் முறை.

உச்சியிலிருந்து ரிங்குக்கு இறங்கும் பாதையை மட்டும் பாருங்கள். 44 டிகிரியில் இறங்க வேண்டுமென்றால் உச்சி ரிங்குக்கு மேலே இவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அந்தப் பாதைதான் முடிவு செய்கிறது. எறிந்தவர் குட்டையா நெட்டையா என்று அந்தப் பாதிக்குத் தெரியாது. 1.9 மீட்டரில் கைவிடும் நீலத்துக்குப் பந்தின் நடு 3.82 மீ. வரை ஏற வேண்டும். 2.1-இல் விடும் பணகுடிக்கு 3.85. மூன்று செ.மீ. வித்தியாசம். மாறுவது புறப்படும் கோணம். பணகுடிக்கு 55 போதும், நீலத்துக்கு 57 பக்கம். குட்டையானவர்கள்தான் இன்னும் செங்குத்தாகப் போட வேண்டும்.

கொக்கிரகுளம் · ஜூலை 13, மதியம் 12.00

இருபது வருடமாகச் சின்னப் பிள்ளைகளிடம் 'உனக்கு இவ்வளவு போதும்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாரைப் போய்த் தேடுவது.

நீலம், போர்டு விளிம்புதான். அக்காவிடம் சண்டை போடாதே.

தென்காசி நீலம் · ஜூலை 13, மதியம் 12.20

சண்டை ஏற்கெனவே போட்டாயிற்று.

சங்கரன்கோவில் சைக்கிள் · ஜூலை 14, இரவு 7.15

இரண்டு கையாலும் கீழிருந்து, தொட்டிலாட்டுவதுபோலத் தூக்கிப் போடுவார்களே, அது தானாகவே உயரமாகப் போகுமே. ரிக் பேரி அப்படித்தானே போட்டார். எதற்கு இவ்வளவு கஷ்டம்?

கொக்கிரகுளம் · ஜூலை 14, இரவு 9.30

இந்த முறை பாதத்தை விட்டுவிட்டுப் பந்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், சந்தோஷம். தப்பே இல்லாத யோசனை. பேரி அப்படிப் போட்டே என்.பி.ஏ.வில் 90 சதவீதம் பக்கம் வைத்திருந்தார். வில்ட் சேம்பர்லெய்ன் ஒரே மேட்சில் 100 பாயிண்ட் எடுத்தது 1962 மார்ச் 2. அன்றைக்கு ஃப்ரீ த்ரோவில் 32-க்கு 28 போட்டார், அதுவும் கீழிருந்துதான். மற்றபடி ஃப்ரீ த்ரோவில் மோசம் என்று பெயர் எடுத்தவர். பிறகு வெட்கப்பட்டு அதை விட்டுவிட்டார், பழையபடி ஆகிவிட்டது.

பணகுடி 11 · ஜூலை 14, இரவு 9.41

சேம்பர்லெய்னுக்கே வெட்கம் என்றால் எங்கள் ஹாஸ்டலில் நான் எப்படி இருப்பது? வேண்டாம்.

பணகுடி 11 · ஆகஸ்ட் 4, இரவு 10.20

நேற்று மேட்ச். எந்த டோர்னமெண்ட் என்று சொல்லவில்லை, புலம்பல்தான். பிராக்டிஸில் 20-க்கு 13 வரை வந்திருந்தேன். கடைசி நிமிடத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவதில் கையை விடுவதற்கு முன்னாலேயே விசில். ஐந்து விநாடி தாண்டிவிட்டதாம்! வீடியோக்களில் பெரிய ஆட்டக்காரர்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் என்ன? இரண்டாவது பதற்றத்தில் பழைய கேரம். ஒரு பாயிண்டில் தோற்றோம்.

கொக்கிரகுளம் · ஆகஸ்ட் 5, இரவு 9.55

விசில் சரி. நீ பார்க்கும் வீடியோ என்.பி.ஏ. அங்கே பத்து விநாடி. நாம் ஆடும் ஃபீபா சட்டத்தில் ரெஃப்ரி பந்தைக் கையில் கொடுத்ததிலிருந்து ஐந்து. டேபிளில் உட்கார்ந்து எத்தனையோ பையன்கள் இப்படி விசில் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் யாரோ ஒருவரின் சடங்கை அப்படியே எடுத்து வந்தவர்கள்.

உன் சடங்கு என்ன, எழுது. விடாமல் எழுது.

பணகுடி 11 · ஆகஸ்ட் 5, இரவு 10.10

பந்தை வாங்கி, கால் வைக்கும் இடம் பார்த்து, மூன்று முறை தட்டி, பந்தைக் கையில் ஒருமுறை சுழற்றி, கோடு தேடி விரல் வைத்து, மூச்சை இழுத்து, ரிங்கைப் பார்த்து, மடங்கி, போடுவேன்.

கொக்கிரகுளம் · ஆகஸ்ட் 6, இரவு 9.30

கல்யாண வீட்டில்கூட இவ்வளவு சடங்கு இருக்காது. 

கால் வைப்பதைப் பந்து கைக்கு வருவதற்கு முன்னாலேயே முடித்துவிடு. ரெஃப்ரி பந்தை வைத்துக்கொண்டு நிற்கும்போது உன் நேரம் ஓடுவதில்லை. லைனின் நடு எது என்று தேடவும் வேண்டாம். லைன் 3.60 மீ. நீளம், 1.80-இல் நடு, வார்ம் அப்பிலேயே பார்த்து வைத்துக்கொள். (நம் ஊர் சிமெண்ட் கோர்ட் பலவற்றில் இன்னும் பழைய சரிவுக் கட்டம்தான் வரைந்திருக்கிறது, 2010-இல் செவ்வகமாக மாறிவிட்டது என்று யாரும் பெயிண்டரிடம் சொல்லவில்லை. ஆனால் ஃப்ரீ த்ரோ லைன் அதே இடம்தான், பயப்படாதே.) ஸ்டீவ் நாஷ் பந்து இல்லாமலே கையால் ஒருமுறை ஷாட் போட்டுப் பார்ப்பார். அதையும் பந்து வருவதற்கு முன் செய்துகொள்ளலாம்.

பந்து வந்த பிறகு: இரண்டு தட்டு, தட்டும்போதே மூச்சை வெளியே விடு, விரல் கோட்டில், கண் ரிங்கில், மடங்கி எழு. மூன்று, மூன்றரை விநாடி. சுழற்றுவது அழகுக்குத்தானே? விடு.

உனக்கு முக்கியம் கடைசித் துண்டு. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு ரிங்கைப் பார்த்து நிற்கிறாயே, அந்த நிறுத்தம்தான் உன் பழைய நோய். பதற்றத்தில் அது நீளும். கால் செத்துப்போகும், தோள் தள்ளும், கேரம் திரும்பி வரும். மேட்சில் இரண்டாவது பந்துக்கு நடந்தது அதுதான் என்று பந்தயம் கட்டுவேன். இரண்டாவது தட்டில் பந்து தரையிலிருந்து எழுந்து கைக்கு வரும்போதே முழங்கால் மடங்க ஆரம்பித்திருக்க வேண்டும். நிற்க இடமே வைக்காதே.

தென்காசி நீலம் · ஆகஸ்ட் 7, மாலை 4.45

கண் ரிங்கில் என்றால் எங்கே? முன்கம்பியா பின்கம்பியா? சார் சொன்ன ஆய்வில் பின்னால் குறி என்றார்கள். ஆனால் பணகுடி அண்ணன் பின்கம்பியில்தானே அடித்துக்கொண்டிருந்தார்?

கொக்கிரகுளம் · ஆகஸ்ட் 7, இரவு 10.05

அவன் பின்கம்பியில் அடித்தது தட்டையாகப் போனதால். வளைவு வந்த பிறகு தப்பும் பந்தெல்லாம் முன்னால் குறைந்துதான் தப்புகிறது என்பதைக் கவனித்தாயா? அப்போது கொஞ்சம் பின்னால் பார்ப்பது உதவும். ஆனால் நான் ஆயுள் முழுக்க முன்கம்பியில் நெட் மாட்டும் கொக்கியைப் பார்த்து, அதைத் தாண்டிப் போடத்தான் பழகினேன். ஆய்வை மறுக்கவில்லை. என் கண் கேட்க மாட்டேன் என்கிறது. இரண்டையும் ஐம்பது ஐம்பது போட்டு எண்ணிப் பார், எனக்கும் சொல்.

பணகுடி 11 · ஆகஸ்ட் 19, இரவு 9.00

கயிறு கட்டினேன். லைனுக்கும் ரிங்குக்கும் நடுவில் குறுக்காக, ஒரு பக்கம் விளக்குக் கம்பம், மறுபக்கம் புங்க மரம். ரிங்கைவிட இரண்டடி உயரம். பழைய ஷாட் கயிற்றுக்குக் கீழே போகிறது, புதியது மேலே போகிறது. வீடியோ எடுத்து நிறுத்திப் பார்க்கும் வேலை மிச்சம்.

ஐந்து ஐந்தாகப் போடுகிறேன், நடுவில் கோர்ட்டை இரண்டு முறை ஓடிவிட்டு. ஓடாமல் போட்டால் 20-க்கு 15. ஓடி வந்து மூச்சு வாங்கும்போது 20-க்கு 11. அந்த 9 தப்பில் 6 கயிற்றுக்குக் கீழே. கால் களைத்தால் கேரம் திரும்புகிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது.

அம்பை பிசிக்ஸ் · ஆகஸ்ட் 19, இரவு 9.25

இரண்டடி உயரக் கயிற்றைத் தொடாமல் தாண்ட 55 டிகிரி பக்கம் வேண்டும். நல்ல இடம்.

கொக்கிரகுளம் · ஆகஸ்ட் 20, இரவு 9.45

11-ஐ மட்டும் எழுதி வை. 15-ஐ மறந்துவிடு, அந்த 15 மேட்சில் வராது. இப்போது அந்த இடதுகைக் கட்டைவிரலுக்கு வரலாம். பந்தின் கறுப்புக் கோட்டுக்குக் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, போகும்போது ஆடுகிறதா என்று பார்.

பணகுடி 11 · செப்டம்பர் 2, இரவு 8.50

சாக்பீஸ் பார்க்கவில்லை. கயிற்றை யாரோ நான்கடி கீழே இறக்கிக் கட்டி வாலிபால் ஆடுகிறார்கள். நானும் இரண்டு செட் ஆடினேன்.

ஓடி வந்து போட்டது: 20-க்கு 13. கயிறு இல்லாததால் கீழே போனது எத்தனை என்று தெரியவில்லை. சுத்தமாக விழுந்தது 7. நீலம், பின்கம்பி பார்த்து 50-க்கு 33, முன்கம்பி பார்த்து 50-க்கு 32. உன் கணக்கு என்ன?

தென்காசி நீலம் · செப்டம்பர் 2, இரவு 9.30

எனக்கு 50-க்கு 29, 50-க்கு 24. பின்கம்பிதான் கூட. ஆனால் முன்கம்பி போட்ட அன்று சாரல், பந்து நனைந்து வழுக்கியது. அதனால் அது செல்லாது. மறுபடி போட்டுவிட்டு வருகிறேன்.